தாண்டிப் போனால் என்ன வரும்?

புது ஊரில் வழி கேட்பவர்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் ஒன்று தெரியும். பத்தில் எட்டுப் பேர் ஒரு பக்கம் கையை நீட்டி, "மேல மாசி வீதிக்கு இப்படித்தானே போகணும்?" என்றுதான் கேட்கிறார்கள். எதிரில் இருப்பவர் தலையாட்டுகிறார். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு நடக்கிறார். அந்தத் தலையாட்டலில் தகவல் எதுவும் இல்லை. வழி தெரிந்தவரும் தலையாட்டுவார், பாதி தெரிந்தவரும் ஆட்டுவார், அவசரமாகப் போகிறவரும் ஆட்டுவார். அதில் பொய் சொல்லும் எண்ணம் கிடையாது. நம்பிக்கையோடு கை நீட்டுகிறவரை மறுத்துப் பேச மனம் வராது, அவ்வளவுதான்.

ஆகவே வழி கேட்பதில் முதல் விதி: பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள். "இது மேல மாசி வீதியா?" என்பதை விட்டு, "இது என்ன வீதிங்க?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆமாம் என்று தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். பெயர் தெரியாதவர் அங்கேயே தயங்கிவிடுவார். அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் நீங்கள் வேறு ஆளைத் தேடலாம்.

இந்த அத்தியாயத்துக்கு மதுரையை எடுத்துக்கொள்கிறேன். கோயிலுக்கும், கல்யாணத்துக்கும், வியாபாரத்துக்கும், உயர் நீதிமன்றக் கிளைக்கும் வெளியூர்க்காரர்கள் தினமும் வந்து வழி கேட்கிற ஊர் அது. ஊரின் அமைப்பு மிகத் தெளிவானது. ஆனால் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பக்கூடியவை. வழி கேட்கப் பழக இதைவிட நல்ல ஊர் இல்லை என்பது என் கருத்து.

ஊரின் அமைப்பு

மதுரையின் பழைய நகரம் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரிகிறது. கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள். மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள். அதற்கு வெளியே ஆவணி மூல வீதிகள், அடுத்து மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு பக்கம். கிழக்கே இருப்பது கீழ மாசி வீதி, மேற்கே இருப்பது மேல மாசி வீதி, மற்றவை வடக்கு மாசி வீதி, தெற்கு மாசி வீதி. ஆவணி மூல வீதிக்கும் வெளி வீதிக்கும் இதே கணக்கு. மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில் பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்று சில பெயர்கள் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவான தெருக்கள் அவை.

ஆக, இங்கே ஒரு முகவரியில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. எந்தச் சுற்று என்பது ஒன்று, எந்தப் பக்கம் என்பது மற்றொன்று. வழி தவறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் கோட்டை விட்டிருப்பார்கள். "மாசி வீதி எங்கே?" என்று மட்டும் கேட்டால், கேட்கப்பட்டவர் தனக்குப் பக்கத்தில் இருக்கும் மாசி வீதியைக் காட்டுவார். அது வடக்காக இருக்கும். உங்களுக்கு வேண்டியது தெற்காக இருக்கும். அவர் சொன்னதும் சரி, நீங்கள் போய்ச் சேர்ந்த இடமும் மாசி வீதிதான். ஆனால் கடை அங்கே இருக்காது.

வாயைத் திறக்கும் முன் முகவரியை ஒருமுறை முழுதாகப் படித்துக்கொள்ளுங்கள். "மேல" இருக்கிறதா, "கீழ" இருக்கிறதா, பெயரில் "சந்து" ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீதிக்கும் அதே பெயருள்ள சந்துக்கும் நடுவே நல்ல தூரம் இருக்கலாம். முகவரியில் கடைப் பெயரோடு எதிரில் உள்ளது, அருகில் உள்ளது என்று ஏதாவது குறிப்பிட்டிருந்தால் அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நூறு அடியில் உதவப்போவது அதுதான்.

பழைய நகரத்துக்கு வெளியே போக வேண்டியிருந்தால் முதல் கேள்வி வேறு. "அது ஆத்துக்கு அங்கிட்டா, இங்கிட்டா?" என்று கேளுங்கள். ரயில் நிலையமும் கோயிலும் பெரியார் பஸ் நிலையமும் வைகைக்குத் தென்கரையில் இருக்கின்றன. கோரிப்பாளையம், தல்லாகுளம், அரசு ராஜாஜி மருத்துவமனை, தமுக்கம், காந்தி மியூசியம், மாட்டுத்தாவணி எல்லாம் வடகரை. தெரு பெயர் தெரியாதவருக்கும் ஆற்றுக்கு எந்தக் கரை என்பது தெரிந்திருக்கும். அதில் யாரும் தப்பாகச் சொல்வது அரிது. முதலில் பெரிய அளவில் ஒன்றை உறுதி செய்துகொண்டு, பிறகு சின்ன விஷயங்களுக்கு வருவதுதான் முறை.

யாரைக் கேட்பது

நடந்து போகிறவரைவிட நிலையாக ஓர் இடத்தில் தொழில் செய்கிறவர் நம்பகமானவர். நடந்து போகிறவரும் உங்களைப் போல வெளியூர்க்காரராக இருக்கலாம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் அப்படிப்பட்டவர்கள் மிக அதிகம். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், பூக்கட்டும் அக்கா, டீக்கடை மாஸ்டர், சைக்கிள் கடைக்காரர் ஆகியோருக்குச் சுற்றுவட்டாரம் அத்துப்படி. வீடு வீடாகத் துணி வாங்கித் திருப்பிக் கொடுக்கும் இஸ்திரிக்காரருக்கு எந்தச் சந்து எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் தெரியும்.

எல்லோரையும் விஞ்சியவர் தபால்காரர். அவர் கண்ணில் பட்டால் விடாதீர்கள். கதவு எண் சொல்லிக் கேட்டாலும் பதில் வரும் ஒரே ஆள் அவர்தான். அதிகாலையில் இறங்கினால் கடைகள் திறந்திருக்காது. அப்போது தெரு கூட்டிக்கொண்டிருக்கும் தூய்மைப் பணியாளரைக் கேளுங்கள். தினம் எந்த வீதியில் தொடங்கி எதில் முடிப்பது என்று வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டவர்கள் அவர்கள். அதனால் வீதிப் பெயரைப் பிழையில்லாமல் சொல்வார்கள். இந்த ஆலோசனையைப் பலர் யோசிப்பதே இல்லை.

காவலரைக் கேட்கலாம். ஆனால் கோயில் பகுதியில் நிற்பவர் வேறு ஊரிலிருந்து பாதுகாப்புப் பணிக்கு வந்தவராக இருக்கக்கூடும். பெரிய ஜவுளிக்கடை வாசலில் சீருடையில் நிற்கும் இளைஞரும் அப்படித்தான். கடைக்குள் எந்த மாடியில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், பக்கத்துத் தெரு தெரிய வேண்டும் என்பதில்லை. ஆட்டோக்காரர்களுக்கு ஊர் முழுக்கத் தெரியும். சவாரிக்குக் காத்திருக்கும்போது, "எவ்வளவு தூரம்?" என்று அவர்களைக் கேட்பது மட்டும் பொருத்தமில்லை. எங்கே திரும்ப வேண்டும் என்று கேளுங்கள், சரியாகவே சொல்வார்கள்.

நான்கைந்து பேர் கூடி நிற்கும் இடத்தில் பொதுவாகக் கேட்காதீர்கள். குரல் பெரிதாக உள்ளவர் முதலில் பதில் சொல்வார். தெரிந்தவர் ஓரமாக நின்று, நமக்கெதற்கு என்று சும்மா இருந்துவிடுவார். ஒருவர் முகத்தைப் பார்த்து, "அண்ணே, ஒரு வழி கேக்கணும்" என்று ஆரம்பித்தால் அவர் பொறுப்பெடுத்துக்கொள்வார்.

தனியாக வரும் பெண்கள், குறிப்பாக இருட்டிய பிறகு, மருந்துக்கடையிலோ குடும்பத்தோடு நிற்பவரிடமோ கேட்பது நல்லது. தங்கியிருக்கும் விடுதியின் பெயரைச் சொல்லாமல், அதற்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தைச் சொல்லிக் கேட்கலாம். வழிக்கு அது போதும்.

ரயில் நிலையத்திலிருந்து ஒரு நகைக்கடைக்கு

இப்போது ஒரு நடையை முழுதாகப் பார்ப்போம். மதுரை ரயில் நிலையத்தில் இறங்கியிருக்கிறீர்கள். போக வேண்டியது தெற்கு ஆவணி மூல வீதி. நகைக்கடைகள் நிறைந்த வீதி அது. அங்கே உங்கள் அத்தை சொன்ன ஒரு கடை.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நீங்கள் நிற்பது மேல வெளி வீதி. எதிரே கிழக்காகப் போவது டவுன் ஹால் ரோடு. அது மாசி வீதியைக் கடந்து மேலக் கோபுரம் நோக்கிப் போகிறது. நடை கால் மணி நேரம் இருக்கும். இது எதுவும் உங்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் கேட்கிறீர்கள்:

"அண்ணே, தெற்கு ஆவணி மூல வீதிக்கு எப்படிப் போறது?"

"இந்தா, இப்படியே நேரா போயி ஆவணி மூல வீதியில சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க."

பலர் இதோடு கிளம்பிவிடுவார்கள். இந்தப் பதிலில் தவறில்லை, ஆனால் பயன்படுத்த முடியாது. ஆவணி மூல வீதி வந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? வழியில் குறுக்கே வரும் பெரிய தெருக்கள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எல்லாவற்றிலும் கடைகள், எல்லாவற்றிலும் கூட்டம். அதனால் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்.

"அதுக்கு முன்னாடி என்னென்ன தெரு குறுக்க வரும்ணே?"

"மொதல்ல பெருமாள் மேஸ்திரி வீதி, அப்புறம் மாசி வீதி. மாசி வீதி பெரிசா இருக்கும். அங்க திரும்பிறாதீங்க. அதைத் தாண்டி வர்றதுதான் ஆவணி மூல வீதி."

"ஒருவேளை தாண்டிப் போயிட்டேன்னா என்ன வரும்?"

"கோயில் மதில் வந்துரும். மேலக் கோபுரம் முன்னாடி நிப்பீங்க. வண்டியெல்லாம் உள்ள விடமாட்டாங்க. அப்படித் தெரிஞ்சா ஒரு தெரு பின்னாடி வாங்க."

இந்தக் கடைசிக் கேள்விதான் இந்த அத்தியாயத்தின் சாரம். தாண்டிப் போனால் என்ன வரும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வழி தவறுவது பெரும்பாலும் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவதால்தான். எதைப் பார்த்தால் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால், தவறினாலும் ஒரு தெரு அளவுதான் தவறுவீர்கள். இன்னொரு பயனும் உண்டு. இந்தக் கேள்விக்கு ஊகித்துப் பதில் சொல்ல முடியாது. இடத்தை மனக்கண்ணில் பார்க்கிறவரால் மட்டுமே தாண்டிய பிறகு வருவதைச் சொல்ல முடியும். வழி தெரியாதவர் இங்கே, "அதெல்லாம் தாண்டமாட்டீங்க, போங்க" என்பார். அப்படிச் சொன்னால் இன்னொருவரைக் கேளுங்கள்.

கிழக்கு நோக்கிப் போகும்போது வலது பக்கம் திரும்பினால் தெற்கு. மேல ஆவணி மூல வீதியில் தெற்கே நடந்து, வீதி முடியும் முக்கில் இடது பக்கம் திரும்பினால் தெற்கு ஆவணி மூல வீதி. இந்த இரண்டு வீதிகளிலும் இந்தத் திசையில் நடக்கும்போது கோயில் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். அது வலது கைக்கு வந்துவிட்டால் எதிர்த்திசையில் போகிறீர்கள். இதையும் கேட்டே வாங்கிவிடலாம். "நடக்கும்போது கோயில் எந்தக் கைப்பக்கம் இருக்கும்?" என்ற கேள்விக்கு மதுரைக்காரர் யோசிக்காமல் பதில் சொல்வார். வேறு ஊரில் கோயிலுக்குப் பதில் ஆறு, ரயில் பாதை, மலை, கடற்கரை என்று எது பெரிதோ அதைக் கேளுங்கள்.

இடது, வலது பற்றி ஒரு எச்சரிக்கை. வாயால் ஒரு பக்கம் சொல்லி, கையால் மறு பக்கம் காட்டுகிறவர்கள் நிறைய. இரண்டும் வேறுபட்டால் கையை நம்புங்கள். சொல்கிறவர் தன் மனதுக்குள் அந்த இடத்தில் நின்று கையைத் திருப்புகிறார். கை இடத்தைப் பார்த்துப் போகிறது, வாய்தான் தவறுகிறது. ஆனால் அவர் உங்களைப் பார்த்து நின்றுகொண்டு சொல்கிறாரா, போகிற திசையைப் பார்த்துச் சொல்கிறாரா என்பதைக் கவனியுங்கள். நீங்களும் அவர் பக்கத்தில் போய், அதே திசையைப் பார்த்து நின்றுகொண்டு கேட்டால் இந்தக் குழப்பமே வராது. எளிய காரியம், யாரும் செய்வதில்லை.

தூரத்தை யாரிடமும் கேட்காதீர்கள். "பக்கம்தான்", "கூப்பிடு தூரம்தான்" என்பவை நடந்து பழகியவரின் கணக்கு. குழந்தையும் பெட்டியுமாக வந்திருக்கும் உங்கள் கணக்கு வேறு. நிமிடக் கணக்கும் அப்படித்தான், அவர் வண்டியில் போகும் நேரத்தைச் சொல்லியிருப்பார். எத்தனை தெருவைக் கடக்க வேண்டும், எத்தனை சிக்னல் வரும் என்று எண்ணக்கூடியதைக் கேளுங்கள். எண்ணிக்கொண்டே நடக்கலாம்.

தெரிந்து சொல்கிறாரா?

பதில் சொல்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். தெரிந்தவர் முதலில் உங்களைத் திருப்பிக் கேட்பார்: "அங்க எந்தக் கடைக்குப் போகணும்?" அந்த வீதியின் எந்த முனையில் உங்களை இறக்குவது என்று அவர் யோசிக்கிறார். அப்படிக் கேட்பவரை முழுதாக நம்பலாம். எங்கே திரும்பக் கூடாது என்று சொல்கிறவரும் அப்படியே. "நடுவுல ஒரு சந்து வரும், அதுல போயிறாதீங்க" என்பது அந்தச் சந்தைப் பார்த்தவர் மட்டும் சொல்லக்கூடிய வார்த்தை.

"மாசி வீதி வரைக்கும் போங்க, அங்க போயிக் கேட்டுக்கங்க" என்கிறவரைச் சிலர் அரைகுறை என்று நினைக்கிறார்கள். அது நேர்மையான பதில். தனக்குத் தெரிந்தது எதுவரை என்று கோடு போட்டுச் சொல்லியிருக்கிறார். அந்த இடம் வரை தைரியமாகப் போகலாம்.

தெரியாதவரின் பதிலில் முடிவு இருக்காது. "நேரா போங்க, போயிக்கிட்டே இருங்க" என்பார். எங்கே நிற்க வேண்டும் என்பது வராது. கையை விரித்து ஒரு திசை முழுவதையும் காட்டுவார். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "அங்கிட்டுத்தானே?" என்பார். இதில் எதைக் கண்டாலும் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். வாதாட வேண்டாம்.

சரிபார்ப்பது

முதல் ஆள் நன்றாகச் சொல்லியிருந்தாலும் இன்னொருவரைக் கேட்க வேண்டும். ஆனால் எங்கே, எப்படி என்பது முக்கியம். அதே இடத்தில் பக்கத்துக் கடையில் கேட்பதில் பலனில்லை. முதல் ஆள் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். அதையே திருப்பிச் சொல்வார். ஒரு தெருவாவது நடந்த பிறகு கேளுங்கள். முதல் ஆள் சொன்னதை வெளியிடாதீர்கள். "டவுன் ஹால் ரோட்டுல நேரா போகச் சொன்னாங்க, சரியா?" என்று கேட்டால் மறுபடி அதே தலையாட்டல்தான் கிடைக்கும்.

நான் செய்வது, இரண்டாவது ஆளிடம் போகும் இடத்தைச் சொல்லாமலே கேட்பது. "இந்த ரோடு நேரா எங்கங்க போகுது?" என்று கேட்பேன். "மேலக் கோபுரத்துக்கு" என்று பதில் வந்தால், முதல் ஆள் சொன்னதோடு ஒத்துப்போகிறது. அவருக்கு என் மனதில் இருப்பது தெரியாது, ஆகவே எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லவும் வழியில்லை.

இருவர் சொல்வதும் முரண்பட்டால் மூன்றாவது ஆளைத் தேடி, பெரும்பான்மைக்கு ஓட்டுப் போடுவதில் அர்த்தமில்லை. முதலில் எந்த இடத்தில் முரண்படுகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் மாசி வீதியில் திரும்பச் சொல்கிறார், இன்னொருவர் ஆவணி மூல வீதியில் திரும்பச் சொல்கிறார் என்றால், மாசி வீதி வரை இருவருக்கும் ஒரே வழிதான். அதுவரை போய், அந்த முக்கிலேயே நிலையாக இருப்பவரைக் கேளுங்கள். இரண்டு வழியும் சரியாக இருக்கவும் கூடும்: மேல மாசி வீதியில் திரும்பித் தெற்கே போய், பிறகு உள்ளே நுழைந்தும் அதே இடத்தை அடையலாம். ஒருவர் வண்டிக்கு வழி சொல்லியிருப்பார், மற்றவர் நடைக்குச் சொல்லியிருப்பார். அதனால் தொடக்கத்திலேயே, "நடந்துதான் போறேன்" என்று சொல்லிவிடுவது நல்லது. ஒருவழிப் பாதைகள் நிறைந்த பழைய நகரத்தில் வண்டி வழியும் நடை வழியும் வெவ்வேறு.

ஆளில்லாமலும் சரிபார்க்கலாம். தெருப் பெயர்ப் பலகை மறைந்திருந்தாலும் கடைப் பலகையின் அடியில் சின்ன எழுத்தில் முகவரி இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சில கடைகள் தலைமைக் கடையின் முகவரியைப் போட்டிருப்பார்கள். அடுத்தடுத்து மூன்று பலகைகள் ஒரே வீதிப் பெயரைச் சொன்னால் அதுதான் வீதி. கதவு எண்ணைப் பார்க்கும்போது பழைய எண்ணா, புதிய எண்ணா என்று கவனியுங்கள். ஒரே சுவரில் இரண்டும் எழுதியிருப்பது வழக்கம்.

கைபேசி வரைபடத்தைப் பயன்படுத்துங்கள், ஆனால் அதையும் ஓர் ஆளாகவே வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கமான தெருக்களில் அது உங்களைப் பக்கத்துச் சந்தில் நிற்பதாகக் காட்டும். சந்தை அடைத்துப் பந்தல் போட்டிருப்பதை அது அறியாது. பூக்கட்டும் அக்காவுக்குத் தெரியும்.

மதுரையில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

"பஸ் ஸ்டாண்ட் எங்க இருக்கு?" என்று மதுரையில் கேட்கக் கூடாது. மூன்று இருக்கின்றன. பெரியார் நிலையம் ரயில் நிலையத்துக்குப் பக்கம், டவுன் பஸ்களுக்கானது. ஆகவே ரயில் நிலையத்தருகே யாரைக் கேட்டாலும் அதைத்தான் காட்டுவார்கள். சென்னை, திருச்சி, திருநெல்வேலி பஸ்கள் நிற்பது மாட்டுத்தாவணியில். தேனி, கோயம்புத்தூர் பக்கம் போகிறவர்களுக்கு ஆரப்பாளையம். தப்பான நிலையத்துக்குப் போனால் ஆற்றைத் தாண்டித் திரும்ப வேண்டியிருக்கும், ஒரு மணி நேரம் போய்விடும். இடத்தின் பெயரைக் கேட்காமல் உங்கள் வேலையைச் சொல்லிக் கேளுங்கள்: "கோயம்புத்தூர் பஸ் எங்க நிக்கும்?" இப்படிக் கேட்டால் பதில் சொல்கிறவரே சரியான நிலையத்தைத் தேர்ந்து சொல்வார். ஆஸ்பத்திரி, அலுவலகம், நீதிமன்றம் என்று ஒரே பெயரில் பல இருக்கும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது தெற்கு வாசல். கோயிலின் தெற்குக் கோபுரத்தடியில் உறவினர்கள் நிற்கிறார்கள், "தெற்கு வாசலுக்கு வந்துரு" என்கிறார்கள். நீங்கள் ஆட்டோவில் ஏறி, "தெற்கு வாசல்" என்கிறீர்கள். ஆட்டோ கோயிலுக்குத் தெற்கே வெகுதூரம் தள்ளி, மேம்பாலம் இருக்கும் ஒரு பகுதியில் இறக்கிவிடுகிறது. ஆட்டோக்காரர் மேல் பிழையில்லை. பழைய கோட்டையின் வாசல் இருந்த பகுதிக்கு அதுதான் பெயர். கீழவாசலும் அப்படி ஒரு பகுதியே. கோயிலைக் குறிப்பிடும்போது "தெற்குக் கோபுரம்", "கீழக் கோபுரம்", "அம்மன் சன்னிதி" என்று சொல்லிப் பழகுங்கள்.

மூன்றாவது, இல்லாமல் போன அடையாளங்கள். 1952-இல் பராசக்தி படத்தோடு திறக்கப்பட்ட தங்கம் தியேட்டர் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்தது. கட்டடம் இன்று இல்லை. ஆனால் ஊர்ப் பெரியவர்கள், "தங்கம் தியேட்டர்கிட்ட திரும்புங்க" என்று இன்னும் வழி சொல்லக்கூடும். இந்தப் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. ஒருவர் அடையாளம் சொன்னதும், "அது இப்ப இருக்கா? பலகை தெரியுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "இல்ல தம்பி, இடிச்சுட்டாங்க, இப்ப அங்க துணிக்கடை" என்று அவரே திருத்துவார்.

கைபேசி இல்லாமல் வெளியே வரும்போது

2018-இல் கோயிலில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு உள்ளே கைபேசிக்கு அனுமதி இல்லை. செருப்போடு அதையும் வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே சுற்றிவிட்டு வேறு கோபுரம் வழியாக வெளியே வந்தால், வெறுங்காலோடு, வரைபடம் இல்லாமல், கூட வந்தவர்களை அழைக்கவும் வழியில்லாமல் நிற்பீர்கள். மதியத்தில் சித்திரை வீதிக் கல் தரை காலைச் சுடும்.

அங்கே வந்து "செருப்பு ஸ்டாண்ட் எங்க?" என்று கேட்டால் பக்கத்தில் உள்ள ஒன்றைக் காட்டுவார்கள், அது உங்களுடையதாக இருக்காது. ஆகவே கேள்வியை உள்ளே போகும் முன்பே கேட்டுவிடுங்கள். செருப்பை வாங்குகிறவரிடம், "இது எந்தக் கோபுரம், எந்தச் சித்திரை வீதி?" என்று கேட்டு, அதைக் கூட வந்த பிள்ளைகள் உட்பட எல்லோரையும் ஒருமுறை சொல்ல வையுங்கள். டோக்கனில் இடத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அம்மன் சன்னிதி வாசல், கீழக் கோபுரம் இரண்டுமே கிழக்குப் பக்கம், கீழச் சித்திரை வீதியில்தான் இருக்கின்றன. "கிழக்குப் பக்கம்" என்று மட்டும் நினைவில் வைத்தால் போதாது, இரண்டில் எது என்பதும் வேண்டும். வெளியே வந்ததும் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பூக்கடையில் கேட்டுக்கொண்டு, மதிலை ஒட்டியே நடந்தால் உங்கள் கோபுரம் வந்துவிடும். சித்திரை வீதி சதுரம் என்பதால் எந்தப் பக்கம் நடந்தாலும் போய்ச் சேரலாம். குறுக்கு வழி தேடி ஆவணி மூல வீதிக்குள் இறங்கிவிடாதீர்கள்.

ஊர் திரும்பிய பிறகு உங்கள் தெருமுனையிலும் ஒருவர் பெட்டியோடு நின்று வழி கேட்பார். தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லிவிடுங்கள், அது அவருக்கு உதவிதான். தெரிந்தால், எங்கே திரும்ப வேண்டும் என்பதோடு நிறுத்தாமல், தாண்டிப் போனால் என்ன வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.